வாரம் 195 லிட்டர் ஆட்டும் செக்குக்கு ஆயிரம் லிட்டர் ஆர்டர் வந்தால்

மரச்செக்கு வைத்திருக்கும் உழவர் குழுக்களுக்கு ஆவணி கடைசியில் இப்படி ஒரு போன் வரும். நகரத்தில் மூன்று நான்கு கிளை வைத்திருக்கும் இயற்கை அங்காடிக்காரர் பேசுவார். "தீபாவளிக்கு ஆயிரம் வேணுங்க, பத்து நாள் முன்னாடி ஒரே லோடா இறக்கிடுங்க" என்பார். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் குழு நடத்தும் நிலக்கடலைச் செக்கில் நாங்கள் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன். எண்கள் உங்கள் செக்குக்கு மாறும், போடும் முறை மாறாது.

முதல் கேள்வி: ஆயிரம் என்றால் லிட்டரா, கிலோவா? ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். ஆயிரம் கிலோ கேட்டிருந்தால் அது 1,100 லிட்டர் பக்கம் போய்விடும். எங்கள் செக்கில் அந்தக் கூடுதல் நூறு லிட்டர் இரண்டரை நாள் வேலை. அவர் கேட்டது லிட்டர் என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டோம்.

இனி எங்கள் செக்கின் அளவு. ஒரு தடவை 15 கிலோ பருப்பு போடுவோம், அதை ஒரு ஈடு என்போம். ஒரு ஈடு ஆட்டி, புண்ணாக்கு அள்ளி, அடுத்ததைப் போட ஒன்றேகால் மணி நேரம். கசடு போக ஆறரை லிட்டர் தெளிந்த எண்ணெய் கிடைக்கும். நாளுக்கு 6 ஈடு, வாரம் 5 நாள் ஆட்டுவோம். ஆறாம் நாள் செக்கைத் துடைப்பதற்கும் பாட்டில் நிரப்புவதற்கும். ஆக வாரம் 195 லிட்டர். இதில் வாடிக்கை வீடுகளுக்கு 120 லிட்டர் போகிறது. அதில் கைவைக்கக் கூடாது என்பது குழுவின் முடிவு. அங்காடி அடுத்த வருஷம் வேறு இடத்தில் வாங்கலாம், மாசா மாசம் தூக்கோடு வருகிற வீடுகள் அப்படி அல்ல. எனவே பெரிய ஆர்டருக்கு மிஞ்சுவது வாரம் 75 லிட்டர். ஐந்து வாரம் ஆட்டினால் 375. கேட்டதில் பாதிகூட இல்லை.

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ராத்திரியும் செக்கை ஓட்டலாமே என்பதுதான். ஓட்டலாம். ஆனால் அந்த எண்ணெய் எங்கே தெளியும்? செக்கிலிருந்து வரும் எண்ணெயில் மாவுபோலக் கசடு கலந்திருக்கும். எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி, வாயில் துணி கட்டி, வெயிலில் வைத்தால் மூன்று நாளில் அடியில் படியும். ஐப்பசி மழை மூட்டத்தில் ஒரு வாரம்கூட ஆகும். எங்களிடம் 50 லிட்டர் டிரம் நான்குதான் இருந்தது, வாரம் 195 லிட்டருக்கு அது சரியாக இருந்தது. செக்கு கூடுதலாக ஓடினால் எண்ணெய் தெளிய இடமில்லை. தெளியாத எண்ணெயைப் பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வட்டாரத்துச் செக்கு ஒன்று சாட்சி. தேதி நெருக்கியதால் இரண்டாம் நாளே நிரப்பி அனுப்பினார்கள். பாட்டில் அடியில் விரல் உயரம் மண்டி படிந்தது, வாணலியில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கியது, ஒரு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிட்டது. பாதிப் பாட்டில்கள் திரும்பி வந்தன.

அதனால் கூடுதல் நேர வேலையை முடிவு செய்யும் முன் இரண்டு டிரம் வாங்கினோம். ஆறு டிரம், வாரம் 300 லிட்டர் வரை தெளியும். அதற்குள் அடங்கும்படி நாளுக்கு இரண்டு ஈடு மட்டும் கூட்டினோம். எட்டு ஈடு, பத்து மணி நேரம், நடுவில் அரை மணி செக்குக்கு ஓய்வு. இப்படி வாரம் 65 லிட்டர் கூடியது.

ஏன் பன்னிரண்டு ஈடு போடவில்லை என்று கேட்பீர்கள். டிரம் ஒரு காரணம், சூடு இன்னொன்று. வாகை மரச் செக்கு மெதுவாகச் சுற்றினாலும் ஓய்வில்லாமல் ஆட்டினால் உரல் சூடேறும். வழியும் எண்ணெயைக் கையில் பிடித்துப் பார்த்தால் உடம்புச் சூட்டுக்கு மேல் தெரியக் கூடாது. தெரிந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான், மரச்செக்கு என்று சொல்லி விற்பதே அதற்காகத்தானே. மூன்றாவது காரணம் ஆள். களைத்தவர் ஈட்டைச் சீக்கிரம் எடுத்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். 15 கிலோ பருப்புக்கு எங்கள் செக்கில் எட்டரை கிலோவை ஒட்டிப் புண்ணாக்கு வரும். ஒன்பதைத் தாண்டினால் எண்ணெய் அதிலேயே நிற்கிறது என்று அர்த்தம். உடைத்துப் பிசைந்தால் கையில் பிசுபிசுக்கும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கொடுத்தோம், ஆனால் ஈட்டுக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். ஈட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் யாராக இருந்தாலும் அவசரப்படுவார்கள்.

அடுத்தது அங்காடிக்காரரிடம் தேதி பேசியது. எனக்குக் கேட்டால் மூன்று வழிகளில் முதலில் தொட வேண்டியது இதுதான். செலவில்லாதது, ஆனால் பலர் கேட்கவே தயங்குகிறார்கள். "ஒரே நாள்ல ஆயிரம் லிட்டரும் வித்துடுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "இல்லைங்க, கிளைக்குக் கிளை கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். தீபாவளிக்கு முன்னாடி எண்ணூறு கையில இருந்தா போதும்." ஒரே லோடு கேட்டது லாரி வாடகைக்காகத்தான். காய்கறி ஏற்ற அவர்கள் வண்டி எப்படியும் வாரம் ஒருமுறை எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. புதிதாக ஆட்டிய எண்ணெய் தவணையாக வந்தால் அவர் கடையிலும் பழசாகிக் கிடக்காது.

அவர் கேட்ட தேதி ஆறு வாரத்தில். தீபாவளி ஏழாவது வாரக் கடைசியில். முதல் வாரம் கடலை வாங்கிக் காயவைக்கும் வாரம், கூடுதல் நேரம் கிடையாது, 75 லிட்டர்தான். இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை வாரத்துக்கு 140. இந்த வாரம் ஆட்டியது அடுத்த வாரக் கடைசியில்தான் வண்டி ஏறும். இதை வைத்து மூன்றாம் வாரம் 200, ஐந்தாம் வாரம் 280, ஆறாம் வாரம் 150 என்று எழுதிக் கொடுத்தோம். மொத்தம் 630. கடைசி 200 லிட்டர், தீபாவளி கழிந்து மூன்றாவது வாரத்தில், கூடுதல் நேரம் இல்லாமல். எண்ணூறுக்கு இன்னும் 170 குறைகிறது. அதற்கு மட்டும் வெளிச் செக்கு.

வெளியே வேலை கொடுப்பது என்றதும் ஆட்டுவதையே தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணெயின் தரத்தைத் தொடாத வேலைகளை முதலில் கொடுக்கலாம். ஆயிரம் லிட்டருக்கு 154 ஈடு, அதாவது 2,300 கிலோ பருப்பு. ஏறக்குறைய 3,400 கிலோ காய் உடைக்க வேண்டும். உடைப்பதை வாடகை மெஷினுக்கு விட்டோம். பொறுக்குவது ஊர்ப் பெண்களின் வீட்டுத் திண்ணையில் கிலோக் கூலிக்கு நடந்தது. பூஞ்சை பிடித்த பருப்பு, சுருங்கியது, கறுத்தது தனியே போக வேண்டும். பூஞ்சையோடு வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு செக்கில் போகாது, எண்ணெயிலும் இறங்கும். பாட்டில் கழுவியதும் லேபிள் ஒட்டியதும் மகளிர் குழு. இதனால் எங்கள் ஆட்கள் செக்கை விட்டு நகர வேண்டியிருக்கவில்லை.

கடலையைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கியது சித்திரை, வைகாசியில் எடுத்த இறவைக் கடலை. புரட்டாசியில் பிடுங்கும் மானாவாரிக் கடலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஈரம் போகுமுன் மழை பிடித்துக்கொள்ளும். கையில் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வராத காயை இந்த மாதிரி ஆர்டருக்கு நம்ப முடியாது. எல்லாவற்றையும் புரட்டாசி வெயிலிலேயே காயவைத்துக் காயாகவே அடுக்கினோம், வாரத்துக்குத் தேவையானதை மட்டும் உடைத்தோம். பருப்பாக வைத்தால் சீக்கிரம் கெடும். இவ்வளவு காய் வாங்கப் பணம்? முன்பணம் கடலை வாங்கும் தொகைக்குக் குறையக் கூடாது என்று சொன்னோம். ஒவ்வொரு தவணைக்கும் பணம் வந்த பிறகுதான் அடுத்தது ஏறும் என்றும் எழுதினோம்.

170 லிட்டருக்கு 27 ஈடு. எட்டு கிலோமீட்டரில் உள்ள மரச்செக்கு ஒன்றில் ஒரு வாரம் பேசினோம். அவர்களுக்குச் சொந்த உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். பிறகு எங்கள் சான்றிதழ்க் குழுவிடம் சொல்லி, அவர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பருப்பை அனுப்பினோம். சான்றிதழுக்குள் வராத இடத்தில் ஆட்டிவிட்டு இயற்கை என்று லேபிள் ஒட்ட முடியாது. பருப்பு எங்களுடையது, டிரம் எங்களுடையது, எங்கள் ஆள் ஒருவர் அங்கேயே நின்றார். செக்கை நன்றாகத் துடைத்துப் போட்ட முதல் ஈட்டின் எண்ணெயைத் தனியே எடுத்துச் சாதாரண எண்ணெயாக அவர்களுக்கே விட்டோம். மரம் முன்பு ஆட்டிய எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும், அது என்ன கடலை என்று யாருக்குத் தெரியும்? புண்ணாக்கு யாருக்கு என்பதைக் கூலி பேசும்போதே பேசிவிட வேண்டும், சண்டை வருவதே அதில்தான். இங்கே கிலோவுக்குக் கூலி கொடுத்துப் புண்ணாக்கையும் தூக்கி வந்தோம்.

அந்த எண்ணெய் எங்களுடையதைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தது. எங்கள் எண்ணெயோடு கலக்கவில்லை. தனித் தொகுதி எண் போட்டு, ஆட்டிய இடத்தின் முகவரியையும் லேபிளில் சேர்த்து, ஆறாம் வாரத் தவணையோடு 170 லிட்டரும் போனது. அங்காடிக்காரரிடம் முன்பே சொல்லியிருந்ததால் கேள்வி வரவில்லை.

எண்ணெய்க் கணக்கு போடும்போது மறந்துவிடும் பொருள் ஒன்று மிஞ்சும். ஆயிரம் லிட்டருக்கு 1,300 கிலோ புண்ணாக்கு சேரும். மழைக் காலத்தில் மூட்டையாக அடுக்கினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும், மாட்டுக்கும் ஆகாது. ஆட்டத் தொடங்கும் முன்பே மாடு வைத்திருப்பவர்களிடம் சொல்லிவைத்து, வாரா வாரம் எடுத்துப்போகச் செய்யுங்கள்.