படத்தில் இருக்கும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

தாய்லாந்து போனவர்கள் கைப்பேசியில் அனுப்பும் படங்களில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் அடிக்கடி தென்படும். இளஞ்சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு பானம், அதில் மேலிருந்து கீழ்வரை தொங்குவதுபோல் கறுப்பு விதைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வழவழப்பான ஒரு படலம். லேபிள் முழுக்கத் தாய்லாந்து எழுத்து. அது என்ன, இங்கே கிடைக்குமா என்று கேட்பவருக்கு அந்த எழுத்து தெரியத் தேவையில்லை. பாட்டிலின் பின்பக்கத்தை நேராக, வெளிச்சம் பளபளக்காமல் எடுத்த ஒரு படம் போதும். அங்கே இருக்கும் எண்களே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

முதலில் பார்கோடின் கீழுள்ள 13 இலக்க எண். 885 என்று தொடங்கினால் அந்த நிறுவனம் தாய்லாந்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறது. 880 தென்கொரியா, 955 மலேசியா, 890 இந்தியா. பொருள் எங்கே தயாரானது என்பதற்கு இது சான்றாகாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். இந்த எண்ணைத் தேடுபொறியில் இட்டால் பெரும்பாலும் பொருளின் பெயர் வந்துவிடும்.

படத்தில் ஓர் இலக்கம் மங்கியிருந்தாலும் அதைக் கணக்குப் போட்டு மீட்கலாம். இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியே கூட்டி, இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கிச் சேர்த்தால், விடை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 8850123456787 என்ற கற்பனை எண்ணில் ஆறாவது இலக்கம் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒற்றை இடங்களின் கூட்டல் 36. இரட்டை இடங்களில் தெரிந்தவை 26, அதன் மும்மடங்கு 78. மொத்தம் 114. இதை 120 ஆக்க 6 தேவை. ஆறாவது இடம் மும்மடங்காகும் என்பதால் மங்கிய இலக்கம் 2. இரண்டு இலக்கங்கள் மங்கியிருந்தால் இந்த வழி உதவாது.

அடுத்தது, தாய்லாந்து உணவுத் துறை தரும் இன்னொரு 13 இலக்க எண். ஒரு சிறு கட்டத்துக்குள், இடையிடையே கோடு போட்டு அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாகாணத்தைக் குறிக்கும். 10 என்றால் பாங்காக். மூன்றாவது இலக்கம் 1 அல்லது 2 ஆனால் அந்த நாட்டிலேயே தயாரானது. 3 அல்லது 4 ஆனால் அங்கும் இறக்குமதியாக வந்தது. பயணி வாங்கியது உண்மையில் தாய்லாந்துச் சரக்குதானா என்பதைப் பார்கோடைவிட இதுவே நம்பகமாகச் சொல்லும்.

சேர்மானப் பட்டியலிலும் எண்கள் உண்டு. தாய்லாந்து லேபிள்களில் முக்கியச் சேர்மானங்கள் சதவீதத்தோடு வருவது வழக்கம் என்பதால், சர்க்கரை எவ்வளவு, விதை எவ்வளவு என்று ஊகிக்கலாம். சேர்க்கைப் பொருள்களின் சர்வதேச எண்கள் எல்லா நாட்டுக்கும் பொது: 330 என்றால் சிட்ரிக் அமிலம், 418 என்றால் ஜெல்லன் என்ற கெட்டிப்பான். இந்த 418தான் விதைகள் அடியில் தங்காமல் தொங்குவதன் ரகசியம்.

விதை எது என்பதைப் படமே காட்டும். கறுப்பு நிறமும், விதையைவிடப் பெரிதாகத் தெரியும் வெண்ணிறப் படலமும் துளசி இனத்து விதையின் அடையாளம். சியா விதையாக இருந்தால் சாம்பல், பழுப்பு, வெள்ளை கலந்து புள்ளி போட்டிருக்கும். தாய்லாந்தில் இதற்கு ‘மேங்லக்’ என்ற எலுமிச்சை மணத் துளசியின் விதையைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்ச் சப்ஜா விதை திருநீற்றுப்பச்சிலையுடையது. இரண்டும் நெருங்கிய உறவு. ஊறியபின் நாக்கு வித்தியாசம் காண்பது கடினம்.

ஆக, மாற்றுப் பொருளை வெளிநாட்டுச் சரக்குக் கடையில் தேட வேண்டியதில்லை. நாட்டுமருந்துக் கடையில் சப்ஜா கிடைக்கும். நன்னாரி சர்பத்திலும் ஃபலூடாவிலும் போடுவது இதைத்தான். ஒரு தேக்கரண்டி விதையை அரை டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இனிப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த பானத்தில் சேர்த்தால் பாட்டிலில் உள்ளதற்குக் கிட்டத்தட்ட அதே பானம்தான். ஊறாத விதையை அப்படியே விழுங்கக் கூடாது. தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். வீட்டுப் பானத்தில் கெட்டிப்பான் இல்லாததால் விதை அடியில் தங்கும், குடிக்கும்முன் கலக்கினால் போதும். லிச்சி, தேன் போன்ற மணம்தான் முழுதாகக் கைவராது. நன்னாரியோ ரோஸ் சிரப்போ போட்டால் அது வேறு பானமாகும், சுவையில் குறைந்ததாக அல்ல.

சைவமா என்பதைப் படத்திலிருந்து அறிவது சற்றுக் கடினம், ஏனென்றால் அங்கே விற்கும் பொதியில் இந்தியாவின் பச்சைப் புள்ளி இருக்காது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துக் குறி இருந்தால் அது இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராத சீன மரபு விரத உணவு. அந்தக் குறி இல்லாததால் மட்டும் அசைவம் என்று முடிவுகட்ட முடியாது. ஹலால் முத்திரை சைவத்துக்கு அடையாளமே அல்ல. ஒவ்வாமை உள்ளவர்கள் முழு லேபிளையும் மொழி தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்வதே பாதுகாப்பு.