அப்பா ‘ஏ’, அம்மா ‘பி’, பிள்ளை ‘ஓ’

பள்ளி அடையாள அட்டையில் எழுதுவதற்காகப் பிள்ளையின் ரத்த வகையைப் பரிசோதிக்கிறார்கள். ‘ஓ’ என்று முடிவு வருகிறது. அப்பாவுக்கோ ‘ஏ’, அம்மாவுக்கோ ‘பி’. இருவரிடமும் இல்லாத வகை பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? ஆய்வகத்தில் சீட்டு மாறிவிட்டதோ என்று சிலர் நினைப்பார்கள். சில வீடுகளில் அதைவிட மோசமான சந்தேகமும் முளைக்கும். உண்மையில் இதில் சந்தேகப்பட எதுவுமே இல்லை.

ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, மற்றொன்று அம்மா தந்தது. பரிசோதனையில் தெரிவது இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய விளைவு மட்டும்தான். ‘ஏ’ வகைக்காரர் இரண்டு ‘ஏ’ பிரதிகளை வைத்திருக்கலாம். ஒரு ‘ஏ’, ஒரு ‘ஓ’ என்றும் வைத்திருக்கலாம். சீட்டில் இரண்டுக்கும் ‘ஏ’ என்றுதான் எழுதுவார்கள். வெளியே தெரிகிற ‘ஏ’யை ஓங்கு மரபணு என்றும், மறைந்து நிற்கிற ‘ஓ’வை ஒடுங்கு மரபணு என்றும் சொல்கிறோம்.

‘ஓ’ ஏன் மறைகிறது? ‘ஏ’ அதை அடக்கி வைப்பதில்லை. சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. ‘ஏ’ மரபணு உருவாக்கும் நொதி அந்தச் சங்கிலியின் நுனியில் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டும். ‘பி’யின் நொதி வேறொரு சர்க்கரையை ஒட்டும். ‘ஓ’ மரபணுவிலோ பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் குறிப்பு முழுவதும் பிசகிவிடுவதால் வேலை செய்யும் நொதி உருவாவதில்லை, நுனியும் வெறுமையாகவே நிற்கிறது. சமைக்கத் தெரிந்த இருவர் உள்ள வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் அடுப்பு எரியும் அல்லவா? அதுபோல, ஒரு நல்ல பிரதி இருந்தாலே சர்க்கரை ஒட்டப்பட்டுவிடும். இரண்டு பிரதிகளும் ‘ஓ’வாக இருந்தால்தான் ‘ஓ’ வகை வெளிப்படும். ‘ஏ’யும் ‘பி’யும் சேர்ந்து வந்தால் இரண்டு சர்க்கரைகளும் ஒட்டப்படும், அவர் ‘ஏபி’.

இப்போது அந்தக் குடும்பத்துக்கு வருவோம். அப்பாவிடம் ஏ-ஓ, அம்மாவிடம் பி-ஓ. இருவரும் தம்மிடம் உள்ள இரண்டில் ஒன்றைத்தான் பிள்ளைக்குத் தருவார்கள். அப்படியானால் ஏ-பி, ஏ-ஓ, பி-ஓ, ஓ-ஓ என நான்கு சேர்க்கைகள் சம வாய்ப்புடன் அமையும். பிள்ளை ‘ஓ’வாகப் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்தக் கணக்கு ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாகத் தொடங்கும். நான்கு பிள்ளைகள் பிறந்தால் வகைக்கு ஒன்றாகப் பிறக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இன்னொன்றும் பாருங்கள்: அந்த அப்பாவைப் பெற்றவர்களில் ஒருவர் ‘ஓ’ என்றால், அப்பாவிடம் ‘ஓ’ பிரதி நிச்சயம் ஒளிந்திருக்கும். ஒரு தலைமுறையில் காணாமல் போன பண்பு பேரனிடம் திரும்பத் தெரிவது இப்படித்தான்.

ஓங்கு என்றால் ஊரில் அதிகம் பேருக்கு இருப்பது என்று எண்ணிவிட வேண்டாம். ஒடுங்கியிருந்தும் உலகில் மிகுதியாகக் காணப்படுவது ‘ஓ’ வகையே.

உயரம், தோல் நிறம், முகச்சாடை போன்றவற்றுக்கு இந்த எளிய கணக்கு பொருந்தாது. பல மரபணுக்கள் கூடி அவற்றைத் தீர்மானிக்கின்றன; உயரத்தில் ஊட்டத்துக்கும் பங்கு உண்டு. பிள்ளை பெரும்பாலும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடைப்பட்ட நிறத்தில் இருப்பது அதனால்தான்.

ரத்த வகையிலேயே கணக்கு தப்பும் இடம் ஒன்று இருக்கிறது. ‘ஏபி’ வகைப் பெற்றோருக்கு ‘ஓ’ பிள்ளை பிறக்காது என்பது பொது விதி. ஆனால் 1952இல் பம்பாயில் அறியப்பட்ட ஒரு வகை இந்த விதிக்கு விலக்கு. ‘ஏ’, ‘பி’ சர்க்கரைகள் ஒட்டுவதற்கு முதலில் ‘எச்’ என்ற அடித்தளம் வேண்டும். அதை அமைப்பது வேறொரு மரபணு. அதன் இரண்டு பிரதிகளும் பழுதாகிவிட்டால், ‘ஏ’ மரபணு நன்றாக இருந்தும் சர்க்கரை ஒட்ட இடமில்லை. வழக்கமான பரிசோதனையில் அவர் ‘ஓ’ என்றே தெரிவார். அவருக்குச் சாதாரண ‘ஓ’ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பம்பாய் வகை ரத்தம் மட்டுமே சேரும். அவருடைய ரத்தநீரைச் சாதாரண ‘ஓ’ சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் திரளும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆகவே பிள்ளையின் ரத்த வகை பெற்றோரோடு பொருந்தவில்லை என்று தோன்றினால், முதலில் இந்த நான்கு சேர்க்கைகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். அதிலும் அடங்கவில்லையென்றால் ரத்த வங்கியில் மறுபரிசோதனை கேளுங்கள். பம்பாய் வகையா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.