குறையை முதலில் கேளுங்கள்

இணையதளத்தை முடித்துக் கொடுத்த அன்றைக்கே, ‘எங்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்’ என்று வாடிக்கையாளரிடம் கேட்பவர்கள் பலர். தளம் பயன் தருமா என்பது அப்போது அவருக்கே தெரியாது. அதனால் ‘அருமையான வேலை’ என்ற பொத்தாம்பொதுவான வரிதான் வரும்.

மூன்று, நான்கு வாரம் கழித்து எழுதுவது நல்லது. முதல் செய்தியில் குறையை மட்டும் கேட்க வேண்டும். பல் மருத்துவமனைக்குத் தளம் செய்தவர் இப்படி எழுதலாம்: “வணக்கம் டாக்டர். முன்பதிவுப் படிவத்தை நிரப்புவதில் நோயாளிகளுக்கு எங்காவது சிக்கல் வருகிறதா? எதையாவது மாற்ற வேண்டுமா?”

சொன்ன குறையைச் சரிசெய்த பிறகே இரண்டாவது செய்தி: “தளம் வருவதற்கு முன் என்ன சிரமம் இருந்தது? இப்போது என்ன மாறியிருக்கிறது? இரண்டு மூன்று வரி போதும். அதை உங்கள் பெயருடன் எங்கள் தளத்தில் போடலாமா?” இப்படிக் கேட்டால்தான், ‘நேரம் கேட்டு வரும் போன் குறைந்துவிட்டது’ என்பது போன்ற பதில் கிடைக்கும். அடுத்த வாடிக்கையாளர் நம்புவது அதைத்தான்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு விட்டுவிட வேண்டும். கூகுளில் விமர்சனம் எழுதச் சொன்னால், பதிலுக்குத் தள்ளுபடியோ பரிசோ தருவதாகச் சொல்லாதீர்கள். கூகுள் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.