டாப்-அப் லோன்: வட்டி 9.5% தான், ஆனா 13% பர்சனல் லோனை விட அதிகமா கட்டுறோமே, எப்படி?

வீட்டுக் கடன் ஓடிட்டு இருக்கும்போது பேங்க்ல இருந்து போன் வரும்: "சார், உங்களுக்கு டாப்-அப் எலிஜிபிள். மொத்தமா பாத்தா வட்டி 8.75% தான் வருது." கேட்க நல்லாத்தான் இருக்கும். அந்த 8.75 எப்படி வருது, அது எதைச் சொல்லாம விடுதுன்னு ஒரு உதாரணத்தோட பாத்துடலாம்.

ராசிபுரத்துல வீடு கட்டி, தினமும் சேலத்துக்கு பஸ் ஏறி வேலைக்குப் போற ஒருத்தர்னு வெச்சுக்குவோம். கையில வர்ற சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக் கடன்ல பாக்கி 18 லட்சம், வட்டி 8.5%, இன்னும் 15 வருஷம் இருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு 6 லட்சம் வேணும். டாப்-அப் வட்டி 9.5%. உங்க பேங்க்ல வட்டி வேறயா இருக்கலாம், கணக்குப் போடுற முறை இதேதான்.

கலப்பு வட்டி எப்படி வருது?

நிறைய பேர் 8.5-ஐயும் 9.5-ஐயும் கூட்டி ரெண்டால வகுத்து 9% னு சொல்லிடுவாங்க. அது தப்பு. எந்த வட்டியில எவ்வளவு பணம் நிக்குதோ, அந்த அளவுக்குத்தான் அதுக்கு எடை.

```
(18 × 8.5 + 6 × 9.5) ÷ 24 = 210 ÷ 24 = 8.75%
```

ரெண்டு கடனும் 15 வருஷம்னா, பழைய இஎம்ஐ 17,725, டாப்-அப் இஎம்ஐ 6,265. சேர்த்து மாசம் 23,990 ரூபாய். எக்செல்ல இப்படிப் போட்டு சரிபார்க்கலாம்:

```
=PMT(8.75%/12,180,-2400000)
```

23,987 வரும். மூணு ரூபாய்தான் வித்தியாசம். அதாவது ரெண்டு கடனும் ஒரே காலத்துல முடிஞ்சா, கலப்பு வட்டியை வெச்சே மொத்த இஎம்ஐ சொல்லிடலாம்.

இந்த நம்பர் மறைக்கிறது வருஷத்தை

6,265 ரூபாயை 180 மாசம் கட்டினா மொத்தம் சுமார் 11.28 லட்சம். அதுல வட்டி மட்டும் 5.28 லட்சம். அதே 6 லட்சத்தை 13% பர்சனல் லோனா 5 வருஷத்துக்கு வாங்கினா, இஎம்ஐ 13,652, மொத்த வட்டி 2.19 லட்சம்தான்! வட்டி விகிதம் கம்மியா இருந்தும் வட்டி ரெண்டு மடங்குக்கு மேல போகுது. காரணம், கல்யாணச் செலவை 15 வருஷத்துக்கு இழுத்துட்டோம்.

அப்போ பர்சனல் லோன் பெட்டரா? இல்லைங்க. டாப்-அப்பையே 5 வருஷத்துக்கு வாங்கினா இஎம்ஐ 12,601, மொத்த வட்டி 1.56 லட்சம். மூணுல இதுதான் மலிவு. ஆனா ரெண்டு இஎம்ஐயும் சேர்ந்தா 30,326. 62,000 சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி. ஒரு மாசம் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலே மூச்சு முட்டும்.

நடுவுல ஒரு வழி

15 வருஷத்துக்கே வாங்கிட்டு, முடியுற மாசமெல்லாம் 6,336 ரூபாய் கூடுதலா டாப்-அப் கணக்குல கட்டுங்க. விடாம கட்டினா அதே 5 வருஷத்துல முடிஞ்சிடும். முடியாத மாசம் 6,265 மட்டும் போதும். தனிநபர் வாங்குற ஃப்ளோட்டிங் வட்டிக் கடன்ல, தொழில் நோக்கம் இல்லாத வரைக்கும், முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. உங்களது ஃப்ளோட்டிங்தானான்னு சாங்ஷன் லெட்டர்ல பாத்துக்குங்க.

இதுல ரெண்டு இடத்துல சறுக்கும். டாப்-அப்புக்கு பெரும்பாலும் தனி லோன் நம்பர் இருக்கும். கூடுதல் பணம் தவறி 8.5% கணக்குக்குப் போயிடக்கூடாது. அடுத்தது, "இஎம்ஐயைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா"னு கேட்டா காலத்தைக் குறைக்கச் சொல்லுங்க. அடுத்த மாச ஸ்டேட்மென்ட்ல பாக்கி மாசம் குறைஞ்சிருக்கான்னு பாத்தா தெரிஞ்சிடும்.

அப்போ கலப்பு வட்டி எதுக்கு உதவும்?

இன்னொரு பேங்க் "மொத்தக் கடனையும் எங்ககிட்ட மாத்துங்க, 24 லட்சத்துக்கும் 8.7%"னு வந்தா, அதை 8.5-ஓட ஒப்பிடாதீங்க, 8.75-ஓட ஒப்பிடுங்க. மிச்சம் மாசம் 71 ரூபாய், 15 வருஷத்துக்கு சுமார் 12,800. பிராசசிங் கட்டணம், வக்கீல் பார்வை, மறுபடியும் எம்.ஓ.டி. பதிவு, இதெல்லாம் சேர்ந்தா அந்த மிச்சம் நிக்குமான்னு கேட்டுப் பாருங்க. பழைய பேங்கும் டாப்-அப் தொகைக்குத் தனியா எம்.ஓ.டி. கேட்கலாம், அதையும் சேர்த்துக்குங்க.

கடைசியா ஒண்ணு. 2024 ஆகஸ்ட்ல அப்போதைய ஆர்பிஐ கவர்னர் சக்திகாந்த தாஸ், டாப்-அப் பணம் எதுக்குச் செலவாகுதுன்னு சில நிறுவனங்கள் சரியாக் கண்காணிக்கிறதில்லைன்னு எச்சரிச்சார். அதனால ஷேர் மார்க்கெட்ல போட இந்தப் பணத்தை எடுக்காதீங்க. அடமானத்துல இருக்கறது உங்க ராசிபுரம் வீடு.

இன்னைக்கே பேங்க்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி, "வட்டி எவ்வளவு?" மட்டும் இல்லைங்க. "இந்த டாப்-அப் எந்த மாசம் முடியும், அதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?"