கடைசியாக வாங்கியது எப்போது?

"இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால், நம் ஊரில் "மாட்டேன்" என்று சொல்பவர் அபூர்வம். வீடு தேடி வந்திருக்கிறார்கள், காபியும் கொடுத்தாயிற்று. முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்பது? "கண்டிப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அந்தக் "கண்டிப்பா"வை நம்பி ஒரு குழு மாதக்கணக்கில் உழைத்து வசதியை உருவாக்கும். பிறகு அந்தப் பட்டனை யாரும் தொடமாட்டார்கள். பயனர் நேர்காணல் என்ற வேலையில் பாதி, இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நாக்கைக் கட்டுப்படுத்துவதுதான்.

மருந்து விற்கும் ஆப் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை போடுகிறவர்களுக்கு, மாதாமாதம் தானாகவே மருந்தை அனுப்பிவைக்கலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. வடிவமைப்பாளருக்குச் சந்தேகம். சரி, நாலு பேரைப் பார்த்துப் பேசுவோம் என்று முடிவாகிறது.

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுத வேண்டும். எந்த முடிவை எடுப்பதற்காகப் போகிறோம் என்பது முதல் வரி: தானாக அனுப்பும் வசதி வேண்டுமா, வேண்டுமென்றால் யாருக்கு? எதைக் கண்டால் இந்த யோசனையைக் கைவிடுவோம் என்பது இரண்டாவது. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது வரியை எழுதுவதில்லை. எழுதாமல் போனால், திரும்பி வரும்போது எல்லாப் பதிலும் நம் யோசனைக்குச் சாதகமாகவே தெரியும்.

அடுத்தது, யாரைப் பார்ப்பது? "சர்க்கரை மாத்திரை வாங்குகிறீர்களா?" என்று கேட்டு ஆள் பிடித்தால், பேச வருகிறவர்களுக்குத் தரும் சன்மானத்துக்காகவே சிலர் ஆமாம் என்பார்கள். "போன மாதம் வீட்டுக்கு என்னென்ன மருந்து வாங்கினீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் பொருத்தமானவர் தானாகத் தெரிந்துவிடுவார். ஆப்பை விடாமல் பயன்படுத்துகிறவர்களோடு, இரண்டு தடவை வாங்கிவிட்டு நிறுத்தியவர்களையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், நிறுத்தியவர்கள்தான் அதிகம் சொல்லித்தருவார்கள்.

எத்தனை பேர்? "ஐந்து பேர் போதும்" என்று ஒரு பேச்சு இந்தத் துறையில் சுற்றுகிறது. அது திரையில் உள்ள கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் சோதனைக்காகச் சொல்லப்பட்ட கணக்கு. நேர்காணலுக்கு அதை இழுத்துப் பொருத்துவது தவறு. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை ஒன்று, முதல் 12 பேருக்குள்ளேயே பெரும்பாலான விஷயங்கள் வந்துவிட்டதாகக் காட்டியது. ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களுக்குத்தான் இது பொருந்தும். நம் வேலைக்கு ஒவ்வொரு வகையிலும் ஆறேழு பேர் என்று தொடங்கலாம். புதிதாக எதுவும் காதில் விழாத நாளில் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி பேச்சு. ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுத, முக்கால் மணி நேரம். கருத்தைக் கேட்காமல், நடந்த ஒரு நாளைக் கேட்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-இலேயே இந்த வழியை எழுதிவைத்திருக்கிறார்: பொதுவாக எப்படி என்று கேட்காதே, நடந்த சம்பவத்தைக் கேள். அது இப்படிப் போகும்:

"கடைசியா மாத்திரை வாங்கினது எப்போம்மா?"

"போன செவ்வாக்கெழமை."

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"என்ன நடக்கும்? கடைக்குப் போனேன், ஒரு அட்டை வாங்கினேன், வந்துட்டேன்."

"ஒரு அட்டை..."

இங்கே கேட்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்தாறு விநாடி மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தைப் போக்க எதிரில் இருப்பவர் பேசுவார்.

"மொத்தமா வாங்கினா கையில காசு நிக்காதுல்ல தம்பி, பென்ஷன் வர வரைக்கும் ஓட்டணும். அதுவும் போன தடவை டாக்டர் மாத்திரையை மாத்திட்டாரு. முன்னாடி வாங்கினது ரெண்டு அட்டை அப்படியே கெடக்கு, பாரு."

எழுந்துபோய் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டுகிறார். "தானாக வந்தால் பிடிக்குமா?" என்று கேட்டிருந்தால் இந்த டப்பா அலமாரியை விட்டு இறங்கியிருக்காது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்மாவைக் கேட்டால் மகன் பதில் சொல்வார். "உங்ககிட்டயும் அப்புறம் தனியா கேக்கணும் சார்" என்று அவரை மரியாதையாக நகர்த்த வேண்டும். அப்படித் தனியாகக் கேட்டால்தான், ஆப்பில் பணம் கட்டுவது அம்மா இல்லை, வெளியூரில் இருக்கும் மகன் என்பதும் தெரியவரும்.

வீடு திரும்பிய அன்றைக்கே, நினைவு ஆறுவதற்குள் சீட்டுகள் எழுத வேண்டும். ஒரு சீட்டில் ஒரே விஷயம். அவர் சொன்னது அல்லது செய்தது மட்டும். "விலை பற்றிக் கவலைப்படுகிறார்" என்பது நம் ஊகம். "பென்ஷன் வரும்வரை ஓட்ட ஒரு அட்டை வாங்கினார்" என்பதே சீட்டு. பிறகு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டுவதைச் சேர்த்து, கடைசியில்தான் குவியலுக்குப் பெயர் வைக்க வேண்டும். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா தன் களக்குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய முறை இது. பெயரை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு சீட்டுகளை உள்ளே திணிப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் வெளியே போயிருக்கவே வேண்டாம்.

எந்தக் குவியலிலும் சேராத சீட்டைத் தூக்கி எறியக் கூடாது. அமெரிக்காவின் இன்டூயிட் நிறுவனம் வீட்டுக் கணக்கு எழுத குவிக்கன் என்ற மென்பொருளை விற்றது. வாங்கியவர்களில் பலர் அதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகக் கணக்கெடுப்பில் வந்தபோது, ஏதோ விசித்திரம் என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு விசாரித்தால், பற்று வரவு இலக்கணம் தெரியாத சிறு முதலாளிகள் அவர்கள். கணக்காளர்களுக்கான மென்பொருளைக் கண்டு மிரண்டவர்கள். அவர்களுக்காக 1992-இல் வந்ததுதான் குவிக்புக்ஸ்.

நம் மேஜைக்குத் திரும்புவோம். தானாக அனுப்ப வேண்டுமென்றால் அளவு, தேதி, மருந்து மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். இங்கே மூன்றும் மாறுகின்றன. எனவே முடிவு: இப்போதைக்கு அந்த வசதி வேண்டாம். அதற்குப் பதில், மாத்திரை தீர்வதற்கு நான்கு நாள் முன்பு "போன தடவை வாங்கியதேவா, எத்தனை அட்டை?" என்று ஒரு செய்தி, பணம் கட்டும் இணைப்பு மகனின் கைப்பேசிக்கு. ஒவ்வொரு முடிவுக்குப் பக்கத்திலும் அதற்கு ஆதாரமான சீட்டுகளை ஒட்டிவைத்தால், கூட்டத்தில் குரல் உயர்த்துபவர் ஜெயிக்கும் வழக்கம் கொஞ்சம் குறையும்.

பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் அட்டைக் கணக்கில் வாங்கினால், "67 சதவீதம்" என்று எழுதிவிடக் கூடாது. ஏன், எப்படி என்பதைத்தான் நேர்காணல் சொல்லும். எத்தனை பேர் என்பதை விற்பனைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். புதிய செய்தியையும் முதலில் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அனுப்பி, மாதத்துக்குள் மறுபடி வாங்குகிறார்களா என்று மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இல்லையென்றால், சீட்டை நாம் தவறாகப் படித்திருக்கிறோம்.

உங்கள் வீட்டுக்கும் யாராவது குறிப்பேட்டோடு வரலாம். வந்து, "இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, போன தடவை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.