சாயாத தமிழ் எழுத்து

ஆங்கிலப் புத்தகங்களில் சாய்ந்து நிற்கும் இட்டாலிக் எழுத்து, நிமிர்ந்த எழுத்தைச் சாய்த்துப் பிறந்ததல்ல. 1501-இல் வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் வெர்ஜிலின் நூலை ஒரு புதிய அச்செழுத்தில் வெளியிட்டார். இத்தாலிய அறிஞர்கள் விரைவாக எழுதிய கையெழுத்தைப் பார்த்துப் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்து அது. இட்டாலிக்கில் 'a' வேறு வடிவம் எடுப்பது அதனால்தான்.

தமிழ் அச்சில் அப்படியோர் இணை எழுத்துமுறை வேரூன்றவில்லை. கணினியில் 'I' பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் மென்பொருள் இருக்கும் எழுத்தையே வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. உயரத்தில் இருப்பது அதிகம் நகரும். 'பக்கம்' என்ற சொல்லில் புள்ளி தன் ககரத்தின் நடுவை விட்டு அடுத்த ககரத்தை நோக்கிப் போகும். சிறிய அளவில் படிப்பவரின் கண் தடுமாறும்.

அழுத்தம் தர வேண்டுமானால் தடித்த எழுத்து உண்டு. ஆனால் 'ணை' போன்றவற்றில் உள்வெளி அடைபடாதபடி, அளவாகத் தடித்ததே நல்லது. நூல், திரைப்படப் பெயர்களுக்கு ஒற்றை மேற்கோள்குறி போதும்.

தமிழ் இலக்கணமோ இன்னும் எளிய வழி வைத்திருக்கிறது. 'கண்ணன் நேற்று வந்தான்' என்பதில் நாளை அழுத்த, 'கண்ணன் நேற்றுத்தான் வந்தான்' எனலாம். ஆளை அழுத்த, 'நேற்று வந்தது கண்ணன்தான்'. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது சாய்வெழுத்தை அப்படியே கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்தத் 'தான்'-ஐத்தான்.