புகழ்மொழியும் உட்பொருளும்: வஞ்சப்புகழ்ச்சியை மாணவர் இனங்காணும் வழி

சில ஆண்டுகளுக்கு முன் புறநானூற்றின் 95ஆம் பாடலைப் பற்றிய வினாவொன்றுக்கு மாணவர் ஒருவர் எழுதிய விடை இன்றும் நினைவில் நிற்கிறது. தொண்டைமானின் படைக்கருவிகள் நன்கு பேணப்பட்டுள்ளன என்றும், அதியமானின் கருவிகள் பழுதடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும், எனவே தம் மன்னனுக்கு உதவி வேண்டி ஔவையார் தொண்டைமானைப் புகழ்கிறார் என்றும் அவர் எழுதியிருந்தார். பாடலின் சொற்களுக்கு அவர் கொண்ட பொருளில் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் பாடல் முழுவதையும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். அகராதியைத் துணைக்கொண்டு திருத்த முடியாத பிழை இது. ஆதலின் ஆசிரியர் இதனைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

புகழ்வது போலப் பழிக்கும் இம்முறையைத் தண்டியலங்காரம் இலேச அணியில் அடக்கும். பள்ளிப் பாடநூல்களில் வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயரே வழங்குகிறது. இதனைக் கற்பிக்கும்போது, "சொன்னதற்கு எதிர்மாறான பொருளைக் கொள்க" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பால் கிரைஸ் 1975இல் வெளியிட்ட உரையாடற் கோட்பாட்டிலும் முரண்நகை பற்றிய விளக்கம் ஏறத்தாழ இவ்வாறே அமைகிறது. ஆனால் ஔவையார் பாடலில் இவ்விதி செல்லாது. தொண்டைமானின் கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலுடைய அகன்ற மனையில் இருக்கின்றன என்கிறார் புலவர். இவற்றுக்கு எதிர்மாறு கொண்டால் அவை பீலியின்றித் துருவேறிக் கிடக்கின்றன என்றல்லவா ஆகும்? அவர் அவ்வாறு கருதவில்லை. அவர் கூறிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவ்வுண்மையே இங்குப் பழியாகிறது.

பழி பிறக்கும் இடம் எது? வேலின் பயன் போரில் உள்ளது. போரில் பயன்பட்ட வேலின் நுனி ஒடியும், காம்பு சிதையும். அது கொல்லனின் சிறு கொட்டிலுக்குச் சென்றே தீரும். புத்தம் புதிதாக மின்னும் வேலோ போர்க்களம் காணாத வேல். ஆகவே ஒரு பொருளை, அதன் பயனுக்குத் தொடர்பில்லாத, அல்லது அப்பயன் நிகழாமையைக் காட்டிக்கொடுக்கும் ஒரு தன்மைக்காகப் புகழும்போது அப்புகழ் பழியாகிறது. சமையற்காரரிடம், "உங்கள் கரண்டி எப்போதும் புதிதாகவே இருக்கிறது" என்று சொல்வதும் இதே அமைப்புடையதே. மாணவரிடம், "இப்பொருள் எதற்காக உள்ளது? புகழப்படும் தன்மை அதற்கு உதவுகிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் தாமே விடையை அடைந்துவிடுகின்றனர்.

இன்னொன்றையும் கருத வேண்டும். பாடலுக்குள் தொண்டைமானின் பெயர் இல்லை. ஔவையார் அதியமானின் தூதராகச் சென்றார், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான், அப்போது இது பாடப்பட்டது என்பதெல்லாம் பாடலின் கீழுள்ள பழைய குறிப்பால் அறியப்படுவன. பாடல் தருவது 'இவை', 'அவை' என்னும் சுட்டுகளை மட்டுமே. அருகிலுள்ளதைச் சுட்டிப் புகழ்ந்து, தொலைவிலுள்ளதைச் சுட்டிக் குறைகூறுவது போலப் பாடல் செல்கிறது. பேசுபவர் யாருடைய மனையில் நிற்கிறார் என்பதை அறியாத மாணவர் உட்பொருளை எட்டுவது அரிது. வகுப்பில் முதலில் குறிப்பை மறைத்துப் பாடலை மட்டும் கொடுத்து, கருத்தை எழுதச் சொல்லி, பின்னர்க் குறிப்பைக் கொடுத்து மீண்டும் எழுதச் சொல்வது என் வழக்கம். இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவரே ஒப்பிட்டுக் காணும்போது, சூழல் என்பது எத்துணை வேலை செய்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தூதர் இம்முறையை ஏன் தேர்ந்தார் என்பதும் அப்போது புலனாகும். பகை மன்னனின் மனையில் நின்று அவனை நேரே இகழ்தல் இயலாது. புகழ்ச்சிக்குச் சினந்தால், தன் வேல்கள் போர் காணாதவை என்று அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

திருக்குறளின் 1073ஆம் பாடல் வேறொரு வழியில் செல்கிறது. கயவர் தேவரை ஒப்பர் என்று உயர்த்திவிட்டு, இருவரும் தாம் விரும்பியவாறே ஒழுகுவர் என்று பின்னர்க் காரணம் கூறுகிறது. புகழ்வார் போன்று பழித்தது இது என்று பரிமேலழகர் சுட்டுகிறார். இங்குப் பழி உவமையில் இல்லை, உவமைக்குத் தரப்பட்ட காரணத்தில் உள்ளது. எனவே பாராட்டைக் கேட்டவுடன் நின்றுவிடாமல் அதன் காரணத்தையும் கேட்கப் பழக்குதல் நன்று.

பேச்சுத்தமிழில் அடையாளங்கள் வேறு. நம் மாணவருட் பலர் இல்லத்தில் தமிழை மிகுதியாகப் பேசாதவர்கள் ஆதலின் இப்பகுதியே அவர்களுக்குக் கடினமாகிறது. இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் மகனிடம் தாய், "துரை வந்துட்டீங்களா? வாங்க, உட்காருங்க" என்கிறார். 'நீங்கள்' என்பது மரியாதைச் சொல் என்று பாடநூலில் படித்த மாணவருக்கு இது உபசாரமாகவே தோன்றும். நாள்தோறும் 'நீ' என்று அழைக்கும் தாய் இன்று ஏன் 'நீங்க' என்கிறார் என்று கேட்க அவருக்குத் தெரிய வேண்டும். உறவுக்கு உரிய அளவைக் கடந்த மரியாதை தமிழில் எள்ளலுக்கு வலுவான அடையாளம். எனினும் இதனை முடிந்த விதியாகத் தந்துவிடலாகாது. பேரனைப் பாட்டி "வாங்க ராசா" என்று கொஞ்சுவதிலும் அளவு கடந்த மரியாதை உண்டு. அங்கே எள்ளல் இல்லை. மகன் தாமதமாக வந்த குற்றம் ஒன்று முன்னிருப்பதே முதற்சூழலை வேறுபடுத்துகிறது.

'ஆம்' என்னும் விகுதியும் கவனிக்கத்தக்கது. "அவர் பெரிய படிப்பாளியாம்!" என்னும்போது பேசுபவர் அக்கூற்றைத் தமதாக ஏற்கவில்லை, பிறர் கூற்றாக, அல்லது அவரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாக, எதிரொலித்துத் தள்ளி நிறுத்துகிறார். முரண்நகை என்பது பிறர் கருத்தை எதிரொலித்து அதனின்று விலகி நிற்றல் என்று டான் ஸ்பெர்பரும் டெயர்டிரி வில்சனும் 1981இல் விளக்கினர். ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரலைக் கொண்டே உய்த்துணர வேண்டிய அவ்வெதிரொலிக்குத் தமிழில் ஒரு விகுதியே கைகொடுக்கிறது. ஆயினும், "நாளை மழை வருமாம்" என்பதில் அதே விகுதி கேள்விப்பட்ட செய்தியை மட்டுமே குறிக்கிறது. விகுதியோடு மிகைப் பாராட்டும் சேர்ந்து வருகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பான வழி.

எதிர்மாறான சொல் வந்தாலே எள்ளல் என்று கொள்ளும் மாணவரும் உளர். நச்சுப் பாம்பை நல்ல பாம்பு என்பதையும், கரிய ஆட்டை வெள்ளாடு என்பதையும் எள்ளலாக விளக்கிய விடைத்தாள்களைக் கண்டிருக்கிறேன். அவை மங்கல வழக்கு. அவற்றில் பழிக்கப்படுவோர் எவருமில்லை. வஞ்சப்புகழ்ச்சிக்கு இலக்காகும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்டதுமே இம்மயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

கடந்த பருவத்தில் இப்பாடலை நடத்தியபோது மாணவி ஒருவர், "தொண்டைமானுக்கு இது புரிந்ததா, ஐயா?" என்று வினவினார். பாடலும் அதன் குறிப்பும் அவன் மறுமொழியைக் கூறவில்லை. அவனுக்குப் புரியாமலே போயிருந்தால் அது வஞ்சப்புகழ்ச்சி ஆகுமா என்று வகுப்பு நெடுநேரம் வாதிட்டது. ஆகும் என்பது என் கருத்து. ஔவையாரின் சொற்களைக் கேட்டு அவன் மகிழ்ந்திருந்தால், பழி இரட்டிப்பாகவே ஆகும்.